கொடுத்ததும் கொண்டதும்: மின்சுற்றுத் தீர்வைத் திறனால் சரிபார்த்தல்

ஒரு மின்சுற்றைத் தீர்ப்பது என்றால், அதிலுள்ள ஒவ்வொரு உறுப்பின் குறுக்கேயும் எவ்வளவு மின்னழுத்தம் இருக்கிறது, அதன் வழியே எவ்வளவு மின்னோட்டம் எந்தத் திசையில் பாய்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதாகும். அதற்கான விதிகளை 1845ஆம் ஆண்டில், கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே குஸ்டாவ் கிர்க்காஃப் வகுத்துத் தந்தார். ஒரு சந்திக்குள் வரும் மின்னோட்டங்களின் கூடுதலும் அங்கிருந்து வெளியேறும் மின்னோட்டங்களின் கூடுதலும் சமம் என்பது முதல் விதி. ஒரு மூடிய சுற்றை முழுமையாக வலம் வந்தால் வழியிலுள்ள மின்னழுத்த ஏற்ற இறக்கங்களின் கூடுதல் சுழியாகும் என்பது இரண்டாம் விதி. இவ்விரண்டோடு ஓம் விதியையும் சேர்த்துச் சமன்பாடுகளை எழுதினால் விடை கிடைத்துவிடும். ஆனால் கிடைத்த விடை சரியா என்று பார்க்க அதே சமன்பாடுகளில் விடையைத் திரும்ப இட்டுப் பார்த்தால், சமன்பாட்டைத் தீர்த்த விதம் சரியா என்பது மட்டுமே தெரியவரும். சமன்பாட்டை எழுதியபோதே குறி மாறிப்போயிருந்தால் அந்தப் பிழை அப்படியே மறைந்து நிற்கும். ஆகவே சமன்பாடுகளுக்கு வெளியே நின்று, சுற்றுப் படத்தையும் விடையையும் மட்டும் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய ஒரு சோதனை தேவைப்படுகிறது. சுற்றிலுள்ள உறுப்புகள் வழங்கும் மொத்தத் திறனும், ஏற்கும் மொத்தத் திறனும் சமமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதே அந்தச் சோதனை.

வழங்குவது எது, ஏற்பது எது

திறன் என்பது ஒரு விநாடியில் கைமாறும் ஆற்றலின் அளவு. ஓர் உறுப்பின் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தை வோல்ட்டிலும், அதன் வழியே செல்லும் மின்னோட்டத்தை ஆம்பியரிலும் எடுத்துப் பெருக்கினால் திறன் வாட்டில் கிடைக்கும். பெருக்குவதில் சிக்கல் எதுவும் இல்லை. அந்தத் திறன் உறுப்புக்குள் போகிறதா, உறுப்பிலிருந்து வெளியே வருகிறதா என்பதைத் தீர்மானிப்பதில்தான் கவனம் வேண்டும். அதற்கு ஒரே ஒரு மரபைக் கடைசிவரை பின்பற்றினால் போதும். மின்னோட்டம் ஓர் உறுப்பின் மின்னழுத்தம் கூடிய முனை வழியே, அதாவது நேர்முனை வழியே, உள்ளே நுழைந்தால் அந்த உறுப்பு திறனை ஏற்கிறது. நேர்முனை வழியே வெளியேறினால் அது திறனை வழங்குகிறது.

இந்த மரபின்படி மின்தடை எப்போதும் திறனை ஏற்கும் உறுப்பாகவே இருக்கும், ஏனெனில் அதில் மின்னோட்டம் மின்னழுத்தம் கூடிய முனையிலிருந்து குறைந்த முனையை நோக்கியே பாய்கிறது. அப்படி ஏற்கப்படும் திறன் வெப்பமாகிறது என்பதையும், அதன் அளவு மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கினால் கிடைக்கும் என்பதையும் 1841ஆம் ஆண்டில் ஜூல் காட்டினார். ஒரு கணக்கில் மின்தடை திறனை வழங்குவதாக விடை வருமானால், மேற்கொண்டு எதையும் கூட்டிப் பார்க்காமலேயே திசைக் குறி எங்கோ பிழைத்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். மூலங்களின் நிலை அப்படியில்லை. மூலம் என்ற பெயரைப் பார்த்து அது எப்போதும் வழங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மின்னேற்றம் செய்யப்படும் பேட்டரியில் மின்னோட்டம் நேர்முனை வழியாக உள்ளே செல்வதால், மூலமாக வரையப்பட்டிருந்தாலும் அது திறனை ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு சுற்று, ஆறு உறுப்புகள்

சோதனை நடைபெறும் விதத்தைக் காண, மூன்று மூலங்களும் மூன்று மின்தடைகளும் கொண்ட ஒரு சுற்றை எடுத்துக்கொள்ளலாம். அதில் எல்லாக் கிளைகளும் வந்து கூடும் ஒரு மேல் சந்தியும், மின்னழுத்தம் சுழி என்று வைத்துக்கொள்ளப்பட்ட ஒரு கீழ்ச் சந்தியும் இருக்கின்றன. முதல் கிளையில் 20 வோல்ட் மின்னழுத்த மூலம் ஒன்று 5 ஓம் மின்தடை வழியாக மேல் சந்தியோடு இணைகிறது. இரண்டாம் கிளையில் 10 ஓம் மின்தடை மேல் சந்தியிலிருந்து நேராகக் கீழ்ச் சந்திக்கு இறங்குகிறது. மூன்றாம் கிளையில் ஒரு மின்னோட்ட மூலம், அதாவது தன் குறுக்கே எவ்வளவு மின்னழுத்தம் இருந்தாலும் குறித்த மின்னோட்டத்தையே செலுத்தும் உறுப்பு, கீழிருந்து மேல் சந்திக்குள் 1 ஆம்பியரைச் செலுத்துகிறது. நான்காம் கிளையில் மேல் சந்தியிலிருந்து 2 ஓம் மின்தடையும் அதைத் தொடர்ந்து 6 வோல்ட் பேட்டரியும் உள்ளன. இரண்டு மின்னழுத்த மூலங்களின் நேர்முனைகளும் மேல்பக்கம் நோக்கியே இருக்கின்றன.

மேல் சந்தியின் மின்னழுத்தத்தை v என்று கொண்டு, உள்ளே வரும் மின்னோட்டங்களை இடப்பக்கத்திலும் வெளியேறும் மின்னோட்டங்களை வலப்பக்கத்திலும் எழுதினால் கிடைக்கும் சமன்பாடு இது:

(20 − v)/5 + 1 = v/10 + (v − 6)/2

இதைத் தீர்த்தால் v = 10 வோல்ட் என்று வருகிறது. அதிலிருந்து முதல் கிளையில் 2 ஆம்பியர் மேல் சந்தியை நோக்கி வருவதும், 10 ஓம் வழியே 1 ஆம்பியர் இறங்குவதும், நான்காம் கிளையில் 2 ஆம்பியர் பேட்டரிக்குள் செல்வதும் தெரிகின்றன. இனி ஒவ்வோர் உறுப்பின் திறனையும் தனித்தனியே எழுதலாம்.

| உறுப்பு | மின்னழுத்தம் (வோல்ட்) | மின்னோட்டம் (ஆம்பியர்) | வழங்குவது (வாட்) | ஏற்பது (வாட்) |
|---|---|---|---|---|
| 20 வோல்ட் மூலம் | 20 | 2 | 40 | – |
| 1 ஆம்பியர் மூலம் | 10 | 1 | 10 | – |
| 5 ஓம் | 10 | 2 | – | 20 |
| 10 ஓம் | 10 | 1 | – | 10 |
| 2 ஓம் | 4 | 2 | – | 8 |
| 6 வோல்ட் பேட்டரி | 6 | 2 | – | 12 |
| மொத்தம் | | | 50 | 50 |

இரு பக்கமும் 50 வாட்டில் வந்து நிற்கின்றன. அட்டவணையின் இரண்டு வரிகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மின்னோட்ட மூலத்தின் மேல் படத்தில் 1 ஆம்பியர் என்று மட்டுமே எழுதப்பட்டிருக்கும். அதன் மின்னழுத்தம் எங்கும் குறிக்கப்பட்டிருக்காது. அதனால் அதன் குறுக்கே மின்னழுத்தமே இல்லை என்று ஆகிவிடாது. அது இணைக்கப்பட்டிருக்கும் இரு சந்திகளுக்கு இடையே சுற்று எவ்வளவு மின்னழுத்தத்தை ஏற்படுத்துகிறதோ, இங்கே 10 வோல்ட், அதுவே அதன் மின்னழுத்தம். அடுத்தது 6 வோல்ட் பேட்டரி; மின்னோட்டம் அதன் நேர்முனை வழியே உள்ளே புகுவதால் அது ஏற்பவர் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

மிஞ்சும் எண் சொல்லும் செய்தி

இரு பக்கமும் சமமாகாதபோது, மிஞ்சும் வேறுபாடு பிழை இருப்பதைச் சொல்வதோடு நில்லாமல் பல நேரங்களில் அது இருக்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கிறது. மின்னோட்ட மூலத்தின் மின்னழுத்தத்தைச் சுழி என்று தவறாகக் கொண்டவருக்கு வழங்கும் பக்கம் 40 வாட்டும் ஏற்கும் பக்கம் 50 வாட்டும் வரும். குறையும் 10 வாட் விட்டுப்போன உறுப்பின் திறனுக்கு அச்சாகச் சமம். பேட்டரி என்பதாலேயே அது வழங்கும் என்று எண்ணி அதன் 12 வாட்டை இடம் மாற்றி எழுதியவருக்கு வழங்குவது 62, ஏற்பது 38 என்று வரும்; வேறுபாடு 24, அதாவது அந்த உறுப்பின் திறனைப் போல இருமடங்கு. எனவே வேறுபாடு ஏதேனும் ஓர் உறுப்பின் திறனுக்குச் சமமாக இருந்தால் அந்த உறுப்பு விடுபட்டிருக்கிறதா என்றும், இருமடங்காக இருந்தால் அது தவறான பக்கத்தில் வந்திருக்கிறதா என்றும் முதலில் பார்ப்பது பயன் தரும்.

இவை திறனைக் கூட்டும்போது நேர்ந்த பிழைகள். விடையே பிழையாக இருந்தால் நடப்பது வேறு. மின்னோட்ட மூலம் சந்தியிலிருந்து மின்னோட்டத்தை வெளியே இழுப்பதாக நினைத்து, 1 ஆம்பியரைச் சமன்பாட்டின் வலப்பக்கத்தில் எழுதிவிட்டதாகக் கொள்வோம். அப்போது v = 7.5 வோல்ட் என்று வரும். முதல் கிளையில் 2.5 ஆம்பியரும், மற்ற இரு மின்தடைகளில் 0.75 ஆம்பியர் வீதமும் கிடைக்கும். இந்த விடையை வைத்துக்கொண்டு மூலப் படத்துக்குத் திரும்பி வந்து திறனைக் கணக்கிட்டால், 20 வோல்ட் மூலம் 50 வாட்டும், மின்னோட்ட மூலம் 7.5 வாட்டும் வழங்குகின்றன. ஏற்கும் பக்கத்தில் 31.25, 5.625, 1.125, 4.5 ஆகியவற்றின் கூடுதல் 42.5 வாட். வழங்குவதில் 15 வாட் மிஞ்சி நிற்கிறது. மேல் சந்தியில் மின்னோட்டங்களைக் கூட்டிப் பார்த்தால் உள்ளே வருவது 3.5 ஆம்பியர், வெளியேறுவது 1.5 ஆம்பியர்; சந்தியில் 2 ஆம்பியர் கணக்கில் வராமல் தொங்குகிறது. அந்த 2 ஆம்பியரைச் சந்தியின் 7.5 வோல்ட்டால் பெருக்கினால் 15 வாட் வந்துவிடுகிறது. திறன் கணக்கில் மிஞ்சுவது, சந்தியில் மிஞ்சும் மின்னோட்டத்தின் நிழல்தான்.

மின்னழுத்தத்தின் தசம இலக்கங்களைச் சுருக்கி எழுதுவதாலும் சிறு வேறுபாடு வரும். மேற்கண்ட சுற்றில் 10 ஓம் இருந்த இடத்தில் 20 ஓம் இருந்திருந்தால் v என்பது 10.666... என்று முடிவின்றி நீளும்; அதை 10.67 என்று வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 48 வாட்டில் 0.03 வாட் மட்டுமே இடிக்கும். குறிப் பிழையால் வந்த 15 வாட்டோடு ஒப்பிட்டால் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள இடமில்லை.

டெல்லகெனின் தேற்றம்

இரு பக்கமும் ஏன் சமமாக வேண்டும் என்ற கேள்விக்கு, ஆற்றல் ஆக்கவும் அழிக்கவும் முடியாதது என்ற விடை உடனே தோன்றும். அந்த விடை தவறில்லை; ஆயினும் இந்தச் சோதனை எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்பதை அது விளக்குவதில்லை. அதை விளக்கியவர் நெதர்லாந்தின் ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பெர்னார்டு டெல்லகென் என்ற பொறியாளர். 1926ஆம் ஆண்டில் பென்டோடு என்னும் ஐந்து மின்வாய் வெற்றிடக் குழாயை உருவாக்கியவரும் இவரே. 1952ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட தேற்றம், திறன்களின் சமநிலைக்குக் கிர்க்காஃபின் இரு விதிகள் மட்டுமே போதும் என்றும், உறுப்புகள் எத்தகையவை என்பது அதில் இடம்பெறவே தேவையில்லை என்றும் காட்டியது.

அதன் காரணம் எளிது. இரண்டாம் விதி நிறைவேறினால் ஒவ்வொரு சந்திக்கும் ஒரு மின்னழுத்தத்தைக் குறிக்க முடியும்; ஓர் உறுப்பின் குறுக்கே உள்ள மின்னழுத்தம் அதன் இரு முனைச் சந்திகளின் மின்னழுத்த வேறுபாடே ஆகும். அந்த வேறுபாட்டை உறுப்பின் மின்னோட்டத்தால் பெருக்கி, எல்லா உறுப்புகளுக்கும் கூட்டிய பின், உறுப்பு வாரியாக நிற்கும் அந்தக் கூடுதலைச் சந்தி வாரியாக மாற்றி அடுக்கினால், ஒவ்வொரு சந்தியின் மின்னழுத்தமும் அந்தச் சந்தியில் கூடும் மின்னோட்டங்களின் நிகரக் கூடுதலால் பெருக்கப்பட்டு நிற்கும். முதல் விதிப்படி அந்த நிகரக் கூடுதல் ஒவ்வொரு சந்தியிலும் சுழி. ஆகவே மொத்தமும் சுழி. முன்பு 15 வாட் என்பது 7.5 வோல்ட்டும் 2 ஆம்பியரும் சேர்ந்த பெருக்கலாக வந்ததும் இதே அடுக்கலின் விளைவுதான்.

இந்த நிறுவலில் ஓம் விதி ஓரிடத்திலும் வரவில்லை என்பதைக் கவனித்தால், இதிலிருந்து வியப்பூட்டும் ஒரு முடிவு பிறக்கிறது. மின்னழுத்தங்களும் மின்னோட்டங்களும் ஒரே தீர்வைச் சேர்ந்தவையாகக்கூட இருக்க வேண்டியதில்லை. அதே சுற்றில், 2 ஓம் என்பதற்குப் பதிலாகப் பக்கத்துக் கிளையின் 10 ஓம் மதிப்பையே கைதவறி எழுதிவிட்டால் v = 14 வோல்ட் என்று வரும்; மின்னோட்டங்கள் முதல் கிளையில் 1.2, இரண்டாம் கிளையில் 1.4, நான்காம் கிளையில் 0.8 ஆம்பியர் ஆகும். இந்தப் பிழையான மின்னோட்டங்களை முன்பு கண்ட சரியான மின்னழுத்தங்களோடு கலந்து பெருக்கினால், வழங்கும் பக்கம் 24, 10 என்று 34 வாட் வருகிறது. ஏற்கும் பக்கம் 12, 14, 3.2, 4.8 என்று அதே 34 வாட் வருகிறது. எந்த உண்மையான சுற்றிலும் ஒருசேர நிலவாத எண்கள் இவை. ஆனாலும் மின்னழுத்தங்கள் இரண்டாம் விதிக்கும் மின்னோட்டங்கள் முதல் விதிக்கும் உட்பட்டிருப்பதால் கணக்கு நேராகிவிடுகிறது.

சமமானாலும் பிழை இருக்கும் இடங்கள்

ஆகவே திறன் சமநிலை என்பது கிர்க்காஃப் விதிகள் மீறப்பட்டிருக்கின்றனவா என்பதற்கான சோதனையே தவிர, உறுப்புகளின் மதிப்புகள் சரியாக எடுத்துக்கொள்ளப்பட்டனவா என்பதற்கான சோதனை ஆகாது. 14 வோல்ட் என்று வந்த பிழையான தீர்வையே முழுமையாக எடுத்து, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிக் கூட்டினால், வழங்குவது 24, 14 என்று 38 வாட், ஏற்பது 7.2, 19.6, 6.4, 4.8 என்று அதுவும் 38 வாட். கணக்குப்பதிவில் ஒருவரின் பெயரில் எழுத வேண்டிய தொகையை வேறொருவரின் பெயரில் எழுதிவிட்டாலும் இருப்பாய்வு இரு பக்கமும் சமமாகவே வருவதைப் போன்றது இது.

இந்தக் குறையைப் பெரும்பாலும் தவிர்க்க ஒரு வழி உண்டு. மின்தடைகளின் திறனைக் கணக்கிடும்போது விடையிலுள்ள மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்காமல், விடையின் மின்னோட்டத்தை மட்டும் எடுத்து, அதன் இருமடியை மூலப் படத்திலிருந்து புதிதாகப் படித்த தடை மதிப்பால் பெருக்க வேண்டும். அப்படிச் செய்தால் மேற்கண்ட தீர்வில் நான்காம் கிளையின் மின்தடைக்கு 0.8 × 0.8 × 2 = 1.28 வாட் என்று வரும். ஏற்கும் பக்கம் 32.88 வாட்டாகக் குறைந்து, 38 வாட்டோடு பொருந்தாமல் 5.12 வாட் இடிக்கும். ஓம் விதியும் படத்தின் மதிப்புகளும் இப்போது சோதனைக்குள் வந்துவிட்டன என்பதே இதற்குக் காரணம்.

மூலங்களின் திசைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 7.5 வோல்ட் என்ற பிழையான விடையைப் பெற்றவர், திறன் கணக்கிலும் மின்னோட்ட மூலம் வெளியே இழுப்பதாகவே தொடர்ந்து கொண்டால், அது 7.5 வாட்டை ஏற்பதாக எழுதுவார்; வழங்குவது 50, ஏற்பது 42.5 உடன் 7.5 சேர்ந்து 50 என்று இரு பக்கமும் பொருந்திவிடும். அவர் தீர்த்தது வேறொரு சுற்று. அந்தச் சுற்றுக்கு அந்த விடை சரிதான். தன் குறிப்பேட்டில் திரும்ப வரைந்த படத்தை வைத்துச் சோதிப்பவருக்கு, படத்தைத் திரும்ப வரைந்தபோது நேர்ந்த பிழை ஒருபோதும் அகப்படாது.

இன்னொரு வரம்பும் உண்டு. சோதனையின் முடிவில் கிடைப்பது ஒரே ஓர் எண்; சுற்றில் பல சந்திகள் இருந்தால் ஒன்றில் மிஞ்சும் திறனும் மற்றொன்றில் குறையும் திறனும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட வாய்ப்பு இருக்கிறது. மின்னோட்டம் பொருந்தாத சந்தியின் மின்னழுத்தம் சுழியாக இருந்தாலும், எத்தனை ஆம்பியர் பொருந்தாமல் போனாலும், பெருக்கல் சுழியே ஆவதால் பிழை வெளியே தெரியாது. இத்தகைய தற்செயல்கள் அரிதென்றாலும், திறன் கணக்கு பொருந்திய பின் ஓரிரு சந்திகளில் மின்னோட்டத்தைத் தனியே கூட்டிப் பார்ப்பது இவற்றையும் அடைத்துவிடும்.

மாறுதிசை மின்னோட்டத்தில்

மின்தூண்டியும் மின்தேக்கியும் கொண்ட மாறுதிசை மின்னோட்டச் சுற்றில், வெப்பமாகவோ வேலையாகவோ செலவாகும் திறன் ஒன்றும், மூலத்துக்கும் இந்த உறுப்புகளுக்கும் இடையே போய்வந்துகொண்டே இருக்கும் திறன் ஒன்றும் என இரு வகை உண்டு. முன்னது வாட்டிலும், பின்னது வார் என்ற அலகிலும் அளக்கப்படுகிறது. டெல்லகெனின் தேற்றம் இங்கும் பொருந்துகிறது. ஆனால் வாட்டை வாட்டோடும் வாரை வாரோடும் தனித்தனியே கூட்ட வேண்டும். 3 ஓம் மின்தடையும் 4 ஓம் மின்மறுப்புடைய மின்தூண்டியும் தொடராக 10 வோல்ட் மூலத்தில் இணைந்திருந்தால், மொத்த எதிர்ப்பு 5 ஓம், மின்னோட்டம் 2 ஆம்பியர். மின்தடை ஏற்பது 12 வாட், மின்தூண்டி ஏற்பது 16 வார். மூலத்தின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் நேரே பெருக்கினால் 20. இங்கே 12ஐயும் 16ஐயும் கூட்டி 28 வாங்கிக்கொண்டு, 20 உடன் பொருந்தவில்லை என்று சரியான தீர்வைத் தூக்கி எறிபவர்கள் உண்டு. மூலம் 12 வாட்டும் 16 வாரும் தனித்தனியே வழங்குகிறது. அவற்றின் இருமடிகளைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பதுதான் 20.

எந்த வகைச் சுற்றாக இருந்தாலும் சோதனையின் ஒழுங்கு மாறுவதில்லை. வினாவில் தரப்பட்ட மூலப் படத்தைத் திரும்ப எடுத்து, அதிலிருந்தே தடை மதிப்புகளையும் மூலங்களின் திசைகளையும் படிக்க வேண்டும். மின்தடைகளின் திறனை மின்னோட்டத்தின் இருமடியிலிருந்து பெற வேண்டும். ஒவ்வொரு மூலத்திலும் மின்னோட்டம் நேர்முனை வழியே உள்ளே செல்கிறதா, வெளியே வருகிறதா என்று பார்த்த பிறகே அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று முடிவு செய்ய வேண்டும். இந்த ஒழுங்கில் செய்து இரு பக்கமும் பொருந்தினால், தீர்வில் ஐயப்படுவதற்கு மிகக் குறைந்த இடமே எஞ்சும்; பொருந்தாவிட்டால், மிஞ்சும் எண்ணை அட்டவணையிலுள்ள திறன்களோடும் சந்திகளின் மின்னழுத்தங்களோடும் ஒப்பிடுவதிலிருந்து தேடலைத் தொடங்கலாம்.